ஒரே ஒரு போட்டோவிலிருந்து கார்ட்டூன் டீச்சர்: 40 பக்கத்திலும் ஒரே ஆளாக வர என்ன வழி?

பணித்தாள்_மேசை

வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 40 பக்கப் பணித்தாள் தொகுப்பு ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் ஒரு கார்ட்டூன் டீச்சர் நின்று "இதை வட்டமிடு", "எத்தனை என்று எண்ணிப் பார்" என்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தன் போட்டோவை எடுத்துக்கொள்ளச் சம்மதம் தந்திருக்கிறார். கேமராவை நேராகப் பார்க்கிற, இடுப்பு வரைக்குமான ஒரே போட்டோ. குட்டையான சுருட்டை முடி, வட்டக் கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை.

படம் உருவாக்கும் ஏஐ கருவியில் அந்தப் போட்டோவை ஏற்றி, பலகையைச் சுட்டுவது போல, உட்கார்ந்து படிப்பது போல என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டு வாங்குகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது. வரிசையாக வைத்தால் அக்கா, தங்கை, சித்தி என்று ஒரு குடும்பமே நிற்பது போலத் தெரிகிறது. பிள்ளைகள் உடனே "இது வேற மிஸ்" என்று சொல்லிவிடுவார்கள். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

விதை_எண்

இருக்கு. சீட் எண்ணை மாற்றாம வைங்க, அவ்வளவுதான். சீட் ஒன்றா இருந்தா முகமும் ஒன்றாத்தான் வரும். நான் பேனர் படங்களுக்கு இப்படித்தான் செய்யறேன்.

வாசல்மணி

நல்ல நேரத்தில் வந்த கேள்வி. எனக்கும் இதேதான் வேண்டும். வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும் குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. அதை அப்படியே கார்ட்டூனாக மாற்றி ஆண்டு முடிவில் ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். எந்த ஃபில்டர் போட்டால் எல்லா முகமும் சரியாக வரும்?

கோடும்_வளைவும்

மேசை, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். இப்போது ஏஐ கருவிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். உங்கள் சிக்கல் எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

விதை_எண் சொல்வதில் பாதி சரி. அதே சீட், அதே வாசகம், அதே மாடல், அதே அமைப்புகள் என்றால் அதே படம்தான் திரும்ப வரும். ஆனால் "பலகையைச் சுட்டுகிறார்" என்பதை "உட்கார்ந்து படிக்கிறார்" என்று மாற்றியதுமே படம் வேறு திசையில் போய்விடும். முகமும் அதோடு மாறும். படம் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத்தான் சீட் முடிவு செய்கிறது. ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. பேனரில் ஒரே தோரணை, பின்னணி மட்டும் மாறுகிறது என்றால் அது கைகொடுத்திருக்கும்.

இப்போது உங்கள் போட்டோ. அதில் இருப்பது ஒரு கோணம், ஒரு வெளிச்சம், இடுப்பு வரை உடம்பு. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு எப்படி, முடி பின்கழுத்தில் எங்கே முடிகிறது, காலில் என்ன போட்டிருக்கிறார் என்ற எதுவுமே அதில் கிடையாது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கருவி இந்த இல்லாத விஷயங்களைப் புதிதாக ஊகிக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. நிஜ முகத்தைக் கார்ட்டூன் ஆக்கும்போது நூறு சின்ன முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். கண் புள்ளியா முட்டை வடிவமா, மூக்கு ஒரு வளைவா முக்கோணமா, சுருட்டை முடியைச் சுருள் சுருளாக வரைவதா அல்லது மேகம் போல ஒரே வடிவமாக வைப்பதா? போட்டோவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த நூறு முடிவுகளையும் கருவி திரும்பத் திரும்ப எடுக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எடுக்கும்.

ஆகவே, போட்டோவின் வேலை முதல் படத்தோடு முடிந்துவிட வேண்டும். போட்டோவிலிருந்து ஒரே ஒரு மூலப்படம் செய்துகொள்ளுங்கள். அது திருப்தியாக வரும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவிடுங்கள். வந்ததும் போட்டோவை மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகான எல்லாத் தோரணைக்கும் அந்த மூலப்படத்தை மட்டுமே மாதிரிப் படமாகக் கொடுங்கள்.

வாசல்மணி, உங்களுடையது வேறு வேலை. அது ஒரே முறை செய்யும் படம், பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போக வேண்டிய தேவையில்லை. ஆனால் பிள்ளைகளின் முகங்களை வெளிச் சேவை எதிலாவது ஏற்றும் முன் ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். மேசை தன் சக ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டதுபோல.

பணித்தாள்_மேசை

மிக்க நன்றிங்க. மூலப்படம் என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? போட்டோவில் உள்ளதை அப்படியே முழு உருவமாக நீட்டினால் போதுமா?

கோடும்_வளைவும்

அப்படியே நீட்டினால் சிக்கல் அப்படியே இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். உருவம் 40 பக்கத்திலும் ஒத்துப்போகுமா போகாதா என்பது வடிவமைக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தப்பு வரக்கூடிய அம்சங்களை உருவத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். கட்டம் போட்ட சட்டை வேண்டாம். கட்டங்களின் அகலமும் சாய்வும் படத்துக்குப் படம் மாறியே தீரும். ஒரே நிறச் சட்டை, அதன்மேல் கையில்லாத ஒரு மேல்கோட்டு போதும். கோட்டில் பொத்தான் வரிசை வேண்டாம், ஏனென்றால் எண்ணக்கூடிய எதுவும் ஒரு படத்தில் மூன்றாகவும் இன்னொன்றில் நான்காகவும் வரும். சுருட்டை முடியைச் சுருள்களாக விடாமல், விளிம்பு மட்டும் வளைந்து வளைந்து போகும் ஒரே கருப்பு வடிவமாக்குங்கள். வட்டக் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள், சற்றுப் பெரிதாகவே வையுங்கள். பிள்ளைகள் இவரை அடையாளம் காணப்போவது அந்த முடியின் வெளிவடிவத்தாலும் கண்ணாடியாலும்தான். கண், மூக்கு நுணுக்கமெல்லாம் அடுத்தது.

உயரத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கான உருவம் என்றால் மொத்த உயரம் மூன்று தலை அளவு இருந்தால் நன்றாக இருக்கும். முழு உருவம், நேராக நிற்பது, கைகள் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, பின்னணி வெறும் வெள்ளை. கை உடம்போடு ஒட்டியிருந்தால் மேல்கோட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது மறைந்துவிடும். அடுத்த தோரணையில் கருவி மறுபடி ஊகிக்கத் தொடங்கும்.

நான் கொடுத்துப் பார்க்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
cartoon woman teacher, full body, standing, front view,
arms slightly away from body, three heads tall,
short curly hair as one solid black shape, large round glasses,
plain yellow shirt, plain light blue waistcoat, no buttons,
flat colours, thick even black outline, plain white background
```

இதே வரிகளை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். அடுத்த தோரணை கேட்கும்போது மூலப்படத்தையும் கொடுத்து, நிற்கும் விதத்தைச் சொல்லும் வார்த்தைகளை மட்டும் மாற்றுங்கள். ஒரே முறையில் தோரணை, முகபாவம், கையில் பொருள் என மூன்றையும் மாற்றக் கேட்டால் எங்கே வழுக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்தாவது படம் அழகாக வந்துவிட்டது என்று ஆறாவதுக்கு அதை மாதிரிப் படமாகக் கொடுக்காதீர்கள். ஐந்தாவதில் கண்ணாடி கடுகளவு சிறுத்திருந்தால் ஆறாவதில் இன்னும் சிறுக்கும், பத்தாவதில் வேறு கண்ணாடியாகிவிடும். எப்போதும் மூலப்படத்துக்கே திரும்பிப் போங்கள்.

விதை_எண்

சரி, சீட் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா இதெல்லாம் எதுக்கு, லோரா, அதாவது மாடலோட சேர்க்கிற ஒரு சின்னத் துணை மாடல், அதுக்கு இவங்க படங்களை வெச்சுப் பயிற்சி கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதே? ஒரு பெயர் வெச்சுக் கூப்பிட்டா அதே ஆள் வருவாங்க.

கோடும்_வளைவும்

லோரா நல்ல வழிதான், விதை. ஆனால் அதற்குப் பயிற்சிப் படங்கள் வேண்டும். பொதுவாக 15 முதல் 30 வரை வைத்துக்கொள்வார்கள். மேசையிடம் இருப்பது ஒரு போட்டோ. அந்த ஒன்றை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்தால் அது ஆளோடு சேர்த்து அந்தத் தோரணையையும், பின்னணிச் சுவரையும், வெளிச்சத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு உட்காரச் சொன்னாலும் நேராக நின்று கேமராவையே பார்க்கும். நல்ல லோரா வேண்டுமானால் முதலில் ஒத்துப்போகும் 15 கார்ட்டூன் படங்களைச் செய்ய வேண்டும். அவ்வளவு படம் கையில் இருந்தால் 40 பக்கத் தொகுப்புக்கு அதுவே போதுமே.

விதை_எண்

இந்தத் தொகுப்புக்குப் போதும். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கும் அதே டீச்சர் வேணும்னா? அப்போ லோராதான் லாபம். நான் இன்னும் அந்தப் பக்கம்தான்.

அச்சுமை

நான் அச்சுத் தொழிலில் இருப்பவன். பணித்தாள் என்றால் கடைசியில் கருப்பு வெள்ளையில் நகல் எடுத்துத்தான் பிள்ளைகள் கையில் போகும். திரையில் ஒன்றாகத் தெரிகிற ஆள் தாளில் வேறு ஆளாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. மேசை, டீச்சர் படம் பக்கத்தில் என்ன அளவில் வருகிறது?

பணித்தாள்_மேசை

பாடத் தொடக்கப் பக்கங்களில் 9 செ.மீ. உயரம். மற்ற பக்கங்களில் மூலையில் 3 செ.மீ. இடம் பார்த்து நடுவில் 5, 6 என்றும் வைப்பேன்.

அச்சுமை

அந்த "இடம் பார்த்து" என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் படம் 2000 பிக்சல் உயரம், கோடு 8 பிக்சல் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதை 9 செ.மீ. ஆக அச்சிட்டால் கோடு சுமார் 0.36 மி.மீ. வரும். நல்ல கோடு. அதே கோப்பை 3 செ.மீ. ஆகச் சுருக்கினால் கோடு 0.12 மி.மீ. தான். நகல் எடுத்த தாளில் கண்ணாடியின் வட்டம் அங்கங்கே அறுந்து போகும். வாய்க் கோடு இல்லாமலே போகலாம். பிள்ளை பார்க்கும்போது ஒரு பக்கத்தில் தடித்த கோட்டு டீச்சர், அடுத்த பக்கத்தில் கண்ணாடி இல்லாத டீச்சர்.

எனவே இரண்டே அளவு, இரண்டு தனிக் கோப்பு. 9 செ.மீ. படத்துக்கு இப்போதுள்ள கோடு இருக்கட்டும். 3 செ.மீ. படத்துக்குக் கோட்டை மூன்று மடங்காக்கி, நுணுக்கத்தைக் குறைத்துத் தனியாகச் செய்யுங்கள். அந்த அளவில் மூக்கை எடுத்துவிட்டால்கூட யாருக்கும் தெரியாது. கண்ணாடியும் முடியும் தெளிவாக இருந்தால் போதும்.

நிறத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன இளநீல மேல்கோட்டை #6FA8DC என்று எடுத்துக்கொள்ளுங்கள், தோலுக்கு #C68642 போன்ற ஒரு பழுப்பு. திரையில் நீலமும் பழுப்பும் தனித்தனியாகத் தெரியும். சாம்பலாக மாற்றிப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். மேல்கோட்டின்மேல் கை வைத்திருக்கும் தோரணை என்றால் கை காணாமல் போய்விடும். நகலுக்குப் போகும் பிரதியில் நிறமே வேண்டாம். முடி மட்டும் முழுக் கருப்பு, மற்றதெல்லாம் வெறும் கோடு. பிள்ளைகள் வண்ணம் தீட்டவும் வசதி.

கோடும்_வளைவும்

அச்சுமை சொல்வது நூற்றுக்கு நூறு. கோட்டைத் தடிமனாக்க இங்க்ஸ்கேப் மென்பொருள் போதும். Path பட்டியலில் Trace Bitmap கொடுத்துப் படத்தை வெக்டராக்கிக்கொள்ளுங்கள். அதில் கிடைக்கும் கோடு உண்மையில் கோடு இல்லை, கருப்பு நிரப்பிய ஒரு வடிவம். அதனால் Stroke width-ஐ மாற்றினால் பலர் எதிர்பார்ப்பதுபோல் வேலை செய்யாது. கருப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து Path > Outset கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். கண்ணாடி வட்டத்தின் உள்வெளி அடைந்துபோகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைவரை

இவ்வளவு நேரம் படித்தேன். நான் என் பணித்தாள்களுக்குக் கையாலேயே வரைகிறேன். எனக்கு ஒரு கேள்வி. போட்டோ எதற்கு? உருவத்தை இவ்வளவு எளிமையாக்கிய பிறகு அது அந்த ஆசிரியை போலவே இருக்காதே. அவர் சாயல் தெரிய வேண்டும் என்றால் எளிமை கூடாது, எளிமை வேண்டும் என்றால் போட்டோ தேவையில்லை.

பணித்தாள்_மேசை

அவரைத் தெரிந்த பிள்ளைகள் "நம்ம மிஸ்" என்று பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. பிரதி எடுத்தாற்போல இருக்க வேண்டாம். சாயல் போதும்.

கோடும்_வளைவும்

சாயலைப் பெரும்பாலும் வெளிவடிவமே தந்துவிடும். அவரை நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருவரிடம், பெயர் சொல்லாமல், மூலப்படத்தை முழுக் கருப்பு நிழலாக்கிக் காட்டிப் பாருங்கள். நிழலைப் பார்த்தே சொல்லிவிட்டால் போட்டோ தன் வேலையைச் செய்துவிட்டது.

கைவரை

நிழலில் தெரிவது முடி. நாளைக்கு அவர் முடியை வளர்த்துவிட்டால்? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

பணித்தாள்_மேசை

மேலே சொன்னபடி செய்துபார்த்து வந்திருக்கிறேன். பெரிய மாற்றம், எல்லோருக்கும் நன்றி. மூலப்படம் நன்றாக வந்துவிட்டது. நேராக நிற்பது, சுட்டிக்காட்டுவது, புத்தகத்தோடு உட்கார்வது, கைதட்டுவது ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றன. மூன்று இடங்களில் இன்னும் இடறுகிறது.

ஒன்று, எண்ணும் பக்கத்தில் டீச்சர் மூன்று விரல் காட்ட வேண்டும். கருவி நான்கு காட்டுகிறது, அல்லது கட்டைவிரலை ஒளித்துவிடுகிறது. இரண்டு, பேச்சுக் குமிழிக்குள் எழுத்தையும் சேர்த்துக் கேட்டேன். "வட்டமிடு" என்பதில் மேல்விலங்கும் புள்ளியும் இடம் மாறி வருகின்றன. மூன்று, முகபாவம். "யோசிக்கிற முகம்" என்று கேட்டால் தலையே வேறு வடிவமாகிவிடுகிறது.

கோடும்_வளைவும்

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். இவற்றைக் கருவியிடம் கேட்காதீர்கள்.

எழுத்து எந்தக் காலத்திலும் படத்துக்குள் வேண்டாம். குமிழியைக் காலியாக வைத்து, பணித்தாளைத் தயாரிக்கும் மென்பொருளில் எழுத்துருவால் அடியுங்கள். முதல் வகுப்புப் பிள்ளை பார்த்து எழுதப் பழகும் எழுத்து அது, ஒரு புள்ளிகூடப் பிசகக் கூடாது.

விரலும் அப்படித்தான். எண்ணும் பாடத்தில் விரல் எண்ணிக்கை தப்பினால் பாடமே தப்பு. ஒரு கையை மட்டும், ஐந்து விரலும் விரிந்த நிலையில், பெரிதாகத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு விரலை அழித்து மடங்கிய விரலாக வரைந்தால் மூன்று. இப்படி ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து கைகளை வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் சட்டைக் கை முடியும் இடத்தில் ஒட்டுங்கள். அந்த விளிம்பு ஒட்டை மறைத்துவிடும். எண்ணும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இதே ஐந்து கைகள்தான்.

முகபாவத்துக்கு, மூலப்படத்தின் தலையை அப்படியே வைத்து, புருவத்தையும் வாயையும் மட்டும் தனி லேயரில் மாற்றுங்கள். சிரிப்பு, யோசனை, ஆச்சரியம், பாராட்டு என நான்கு போதும். இப்போதே உங்களிடம் நான்கு உடம்பு இருக்கிறது. நான்கு முகம் சேர்ந்தால் 16 படம். அதில் ஒரே தலை திரும்பத் திரும்ப வருவதால் முகம் மாறுவதற்கு வழியே இல்லை. இதற்குமேல் 40 பக்கத்துக்குப் புதிதாக ஒரு படம்கூட உருவாக்கத் தேவையில்லை, எடுத்து ஒட்டினால் போதும்.

சரிபார்ப்பது எளிது. எல்லாப் படத்தையும் தலை உயரம் ஒன்றாக வரும்படி அளவாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேலே உள்ளதைப் பாதி ஒளிபுகும்படி செய்யுங்கள். கண்ணாடி விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் அந்தப் படம் விலகியிருக்கிறது. முகத்தை வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும், இந்த விலகல் பிடிபடாது.

அச்சுமை

படங்களைப் பக்கத்தில் ஒட்டும்போது நகலாக ஒட்டாமல், கோப்போடு இணைப்பாக வையுங்கள். லிப்ரே ஆபீஸில் படத்தைச் செருகும்போது Link என்ற தேர்வு இருக்கும். பின்னால் கண்ணாடியை ஒரு கோப்பில் திருத்தினால் அந்தப் படம் வரும் பக்கங்கள் எல்லாம் தானாகத் திருந்தும். கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும், அதில் கவனம்.

பணித்தாள்_மேசை

இன்னொன்று. டீச்சர் சில பக்கங்களில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சுட்ட வேண்டும். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடலாமா?

கைவரை

போடலாம், ஆனால் உச்சி வகிடும் கைக்கடிகாரமும் பக்கம் மாறும். பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள், என் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள்.

கோடும்_வளைவும்

கைவரை சொல்வது சரி. அதனால்தான் திருப்பிப் போடும் உருவத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் எதையும் நான் வைப்பதில்லை. வகிடு, கைக்கடிகாரம், சட்டைப் பை, மச்சம் எதுவும் வேண்டாம். மேசையின் டீச்சருக்கு முடி ஒரே வடிவம், கோட்டில் பொத்தான் இல்லை, ஆகவே தாராளமாகத் திருப்பலாம். கடிகாரம் பற்றிய பாடம் வந்தால் கடிகாரத்தைத் தனிப்படமாகத் திருப்பிய பிறகு ஒட்டுங்கள். எழுதுகிற தோரணையை மட்டும் திருப்ப வேண்டாம், வலக்கையால் எழுதுபவர் இடக்கைக்கு மாறிவிடுவார்.

பணித்தாள்_மேசை

புரிந்தது. சற்றே திரும்பி நிற்கும் முக்கால் கோணம் ஒன்று இருந்தால் பலகைப் பக்கத்துக்கு நன்றாக இருக்கும். அதில்தான் மூக்கும் கண்ணாடியும் ஒவ்வொரு முறையும் வேறாக வருகின்றன.

கோடும்_வளைவும்

நேர்ப்படம் ஒன்றை மட்டும் வைத்துச் செய்கையில் அதுதான் மிகக் கடினமான கோணம். மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நேர்ப்படத்தில் தெரியாது. இரண்டு வழி உண்டு. உடம்பை மட்டும் முக்கால் கோணத்தில் வைத்து, தலையை நேராகவே பிள்ளையைப் பார்க்க விடலாம். கார்ட்டூனில் அது உறுத்தாது, தலையும் பழைய தலையாகவே இருக்கும். இல்லையென்றால் அந்த ஆசிரியையிடம் சற்றே திரும்பி நிற்கும் இன்னொரு போட்டோ கேளுங்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு இருப்பதைவிடப் பெரிதாக விழும்.

விதை_எண்

கோணத்துக்கு லோராதான் தீர்வுன்னு மறுபடியும் சொல்லிக்கறேன்.

பணித்தாள்_மேசை

முதலில் தலையை நேராக வைத்துப் பார்க்கிறேன். பலகைப் பக்கம் மூன்றுதான் இருக்கிறது. அச்சுமை, 3 செ.மீ. படத்தை நாளை நகல் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வட்டம் அறுகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.

அச்சுமை

நகலின் நகலையும் எடுத்துப் பாருங்கள். பள்ளியில் மூலத்தாள் தொலைந்து, நகலிலிருந்தே மறுபடி நகல் எடுப்பார்கள். அதிலும் வட்டம் முழுசாக நின்றால் கோடு போதும்.